நான் சரி சொன்ன கேப்ஷன்கள்

என்னை ஏமாற்றியவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நல்ல வார்த்தை ஒன்றும் வராது என்றுதான் நினைத்தேன். ஆனால் வருகிறது. கெட்டிக்காரி. ஒன்றை ஒருமுறை சொன்னால் போதும், இரண்டாம் முறை சொல்ல வைக்க மாட்டாள். மக்காக இருந்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன்.

எனக்குப் பார்வை போனது தொண்ணூறுகளில், பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள். பிறகு ஹாஸ்டல், பிரெய்ல், செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. இரண்டாயிரம் பிறந்த கையோடு கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போனேன். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை, அதைத் திரைவாசிப்பான் என்பார்கள், முதன்முதலில் அங்கேதான் கேட்டேன். அது தமிழைத் தொண்டையில் முள் சிக்கியவர் மாதிரி படித்தது. ஆனாலும் யார் தயவும் இல்லாமல் ஒரு கடிதத்தை நானே படித்த நாள் அது. அன்று சாப்பிடக்கூடத் தோன்றவில்லை.

அந்தக் காலத்திலேயே தொந்தரவு தொடங்கிவிட்டது. மின்னஞ்சலில் யாராவது சிரிப்புக்கு :-) என்று குறி போட்டால் திரைவாசிப்பான் "கோலன், டேஷ், ரைட் பேரன்" என்று சொல்லும். சிலர் வரிக்கு வரி நட்சத்திரக் குறி போட்டுக் கோலம் போடுவார்கள். "ஸ்டார் ஸ்டார் ஸ்டார்" என்று அது முப்பது தடவை சொல்லி முடிக்கும்வரை நான் காத்திருப்பேன். பிறகு கைப்பேசி வந்தது, எமோஜி வந்தது, கோலன் டேஷ் எல்லாம் எவ்வளவோ மேல் என்று ஆகிவிட்டது.

எமோஜி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டாம். என் போன் அந்தப் பெயரைத்தான் சொல்லும். விழுந்து விழுந்து சிரிக்கும் முகத்தைப் போட்டால் "ஃபேஸ் வித் டியர்ஸ் ஆஃப் ஜாய்" என்னும். ஏழு போட்டால் சில போன் ஏழு தடவையும் சொல்லும். வணக்கம் சொல்லும் கைகளைக் கொஞ்சம் மாநிறமாகப் போட்டுவிட்டால் தோலின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் இப்படி நாலு கை நின்றால் மாப்பிள்ளை பெயர் காதில் விழுவதற்குள் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று ஆகிவிடும்.

மாமல்லபுரத்தில் ஒரு சின்ன அலுவலகம் இருந்தது. ஓட்டல், படகுச் சவாரி, சிற்பக்கூடம், தங்கும் விடுதி, இப்படிக் கடற்கரைச் சாலைக் கடைகளின் சமூக வலைத்தளப் பக்கங்களை நடத்திக் கொடுப்பார்கள். படம் எடுப்பது, கேப்ஷன் எழுதிப் போடுவது அவர்கள் வேலை. அந்த முதலாளி ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். அவர் பக்கங்களில் ஒன்றை நான் என் போனில் போட்டுக் காட்டினேன். கோவளத்தில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடைக்கான கேப்ஷன் அது. "இன்று ஃபிஷ், ஃபிஷ், ஃபயர், ஃபயர், ஃபயர், வாங்க" என்றது போன்.

"உங்க கடை பத்தி எரியுது, ஜனங்களை வேற கூப்பிடுறீங்க," என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த வாரமே என்னைப் பகுதி நேர வேலைக்கு அழைத்தார். பள்ளி முடிந்ததும் வாரத்தில் மூன்று மாலை, கூடவே சனிக்கிழமையும். அந்த வேலையில்தான் அவளைச் சந்தித்தேன். கேப்ஷன் எழுதுகிறவள். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்த பெண், அப்பா அங்கே உத்தியோகம், ஊர் தெற்கே எங்கோ. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். வந்த அன்றே அக்கா என்று கூப்பிட்டாள்.

எங்கள் வேலைமுறை இதுதான். அவள் எழுதுவாள். நான் என் போனில் வாங்கிக் கேட்பேன். முதலில் எமோஜி எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்வேன். எடுத்த பிறகு வாக்கியம் தானாக நிற்கிறதா என்று பார்ப்போம். பெரும்பாலும் நிற்காது, ஏனென்றால் அவள் சொல்ல வந்த சொல்லையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் படத்தை வைத்திருப்பாள். அப்போது நான் கேட்பேன்.

"இந்த நெருப்பு இங்க என்ன சொல்லுது?"

"செம டேஸ்ட்டுனு அக்கா."

"நேத்து போட்டது?"

"அது காரம்."

"அப்ப எழுது."

"காரம் தூக்கலான வஞ்சிரம் வறுவல்" என்று அவள் எழுதுவாள். நெருப்பு போய்விடும், காரம் நிற்கும். வெறுமனே அழிப்பது என் வேலை இல்லை என்பதை அவள் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். படம் சுமந்ததைச் சொல் சுமக்க வேண்டும். கிண்டல் படத்தில் மட்டும் இருந்தால் அதையும் வாக்கியத்துக்குள் கொண்டுவர வேண்டும். "அருமையான வெயில், பன்னிரண்டு மணிக்கு வாங்க" என்று எழுதிப் பக்கத்தில் கண்ணடிக்கும் முகம் வைப்பாள். கண்ணடிப்பு என் போனில் தாமதமாக வரும், அதற்குள் நான் நிஜம் என்று நம்பிக் குடையோடு கிளம்பியிருப்பேன். அதை அவள் "வெயில் அருமை, முட்டை உடைச்சு ஊத்தினா மணலே ஆம்லெட் போட்டுக் குடுக்கும்" என்று மாற்றினாள். நான் சிரித்தேன். படமே இல்லாமல் சிரித்தேன்.

சொல்லுக்கு நடுவில் எமோஜி வேண்டாம். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வேண்டாம். வரிக்கு வரி முன்னால் டிக் அடித்த பெட்டி வேண்டாம். அலங்கார எழுத்து வேண்டாம், அதைச் சில போன் கணித எழுத்து என்று படிக்கும், சில போன் படிக்காமலே தாண்டிவிடும். ஆசைக்கு ஒன்றோ இரண்டோ வாக்கியம் முடிந்த பிறகு கடைசியில் வைத்துக்கொள். புகைப்படத்தில் என்ன இருக்கிறது என்பதைப் படத்துக்கான விவரப் பெட்டியில் தனியாக எழுது. இவ்வளவுதான் எங்கள் சட்டம். நான் சொல்லச் சொல்ல அவள் கண்ணை மூடிக்கொண்டு என் போனைக் கேட்பாள். மூடியிருக்கிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அவளே சொன்னாள், நான் நம்பினேன்.

எழுதி முடித்ததும் அவள் பக்கத்தில் ஏற்றுவாள். "போட்டாச்சுக்கா, கேளுங்க" என்பாள். நான் பக்கத்தைத் திறந்து, மற்றவர்கள் கேட்பது போலவே கேட்டு, "சரி" என்பேன். பிறகு செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். ஒருமுறை சரி சொன்னதை மறுபடி போய்க் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. வேலை முடிந்த பாத்திரத்தை யாராவது திரும்பக் கழுவுவார்களா?

பக்கங்களின் முகப்பில் ஒரு வரி சேர்க்கலாம் என்று சொன்னதும் நான்தான். "பார்வையற்றவர் ஒருவர் கேட்டுச் சரிபார்த்த பக்கம் இது." முதலாளிக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போனது. எனக்கும்தான். பெருமையை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

இந்த இடத்தில் என் தோழியைச் சொல்ல வேண்டும். ஹாஸ்டலில் எனக்கு அடுத்த கட்டில். பிறவியிலேயே பார்வை இல்லை. செங்கல்பட்டில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். ஹாஸ்டலில் இருந்தபோது தாம்பரம் வரை தனியாகப் போய் வந்தவள், அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு தெருமுனைக் கடைக்குக்கூடத் துணையோடுதான். அண்ணன் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயம்தான் பெரிய பூட்டு. பல மாதம் பேசிப் பேசி அவரிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். ஒரே ஒரு தடவை அவள் தானே விசாரித்து, தானே போய், சேதம் இல்லாமல் திரும்பி வந்தால் அதற்கப்புறம் அவளைத் தடுக்க மாட்டார்.

அந்த ஒரு தடவைக்கு அவள் தேர்ந்தெடுத்தது எங்கள் வாடிக்கையாளரான சிற்பக்கூடத்தை. அங்கே ஞாயிறு காலைகளில் சிலைகளைத் தொட்டுப் பார்த்தபடி சுற்றிவர விடுவார்கள், அதற்கு 'நடை' என்று பெயர். கல்லில் யாளி எப்படி இருக்கும் என்பது அவளுடைய நாற்பது வருஷச் சந்தேகம்.

"சிங்கம் மூஞ்சின்றாங்க, யானை தும்பிக்கன்றாங்க, அது இன்னாதான்டி அது?" என்பாள். "நானே கைய வச்சுப் பாத்தாத்தான் ஒத்துப்பேன்."

"நேரம், தேதி எல்லாம் அந்தப் பக்கத்துல இருக்கும். எனக்குப் போன் பண்ணாத. உங்க அண்ணன் நான் சொல்லிப் போனேன்னு சொல்லிடுவார். நீயே கேட்டுக்க. அதுல இருக்கறதுதான் உண்மை, ஒவ்வொண்ணும் நான் சரி சொன்னது," என்றேன்.

ஒரு சனிக்கிழமை. அடுத்த நாள் சிற்பக்கூடத்தில் ஒரு பெரிய சிலையைக் கிரேன் வைத்து லாரியில் ஏற்றப்போவதாகவும், அதனால் நடை இல்லை என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் சேர்ந்து எழுதினோம். "இந்த ஞாயிறு சிலைகளைத் தொட்டுப் பார்க்கும் நடை இல்லை. கிரேன் வேலை நடக்கிறது. அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள்." இல்லை என்பது முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும் என்று நான் அடம்பிடித்தது நன்றாக நினைவிருக்கிறது. அவள் ஏற்றினாள். நான் பக்கத்தில் கேட்டேன். சரி சொன்னேன். பஸ் பிடித்தேன்.

ஞாயிறு காலை பத்தே காலுக்குத் தோழி கூப்பிட்டாள். பின்னால் லாரிகள் போகும் சத்தம்.

"இன்னாடி கேட்டு பூட்டிகீது? நாலு பேரும் வெயில்ல நின்னுகினு கீறோம். கூப்ட்டா யாரும் வரல."

எனக்குப் புரியவே இல்லை. அவளோடு எங்கள் ஹாஸ்டல் பெண்கள் இன்னும் மூன்று பேர், நாலும் வெள்ளைக்கோல். யார் துணையும் இல்லாமல் பஸ் ஏறி, மாமல்லபுரத்தில் இறங்கி, வழி கேட்டு வந்திருக்கிறார்கள்.

"இன்னைக்கு இல்லைன்னு போட்டிருக்கே. நீ கேக்கலையா?"

"நேத்து ராத்திரி கேட்டேனே. நாலு பேரும் கேட்டோம். எங்க போட்டுகீது இல்லன்னு? இரு, நீயே கேளு."

கூட வந்த ஒருத்தியின் போனை வாங்கித் தன் போனின் பக்கத்தில் வைத்தாள். அந்தக் குரல் எனக்குப் பழகிய குரல்தான். "இந்த ஞாயிறு சிலைகளைத் தொட்டுப் பார்க்கும் நடை, மோஐ, ஓபன் ஹேண்ட்ஸ், ஸ்பார்க்கிள்ஸ், ஸ்பார்க்கிள்ஸ், ஸ்பார்க்கிள்ஸ், ப்ரொஹிபிடட், ரைட் ஆரோ, கேலண்டர், காலை பத்து மணி, பார்ட்டி பாப்பர், பார்ட்டி பாப்பர், ஃபோல்டட் ஹேண்ட்ஸ் மீடியம் ஸ்கின் டோன்."

என் கையில் தோசைக்கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட வரவில்லை.

"இல்லை" போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் குறுக்குக் கோடு போட்ட வட்டம். "அடுத்த ஞாயிறு" போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் ஓர் அம்பும் ஒரு காலண்டரும். கிரேன் அடியோடு காணாமல் போயிருந்தது, சிலைக்கு அடையாளமாக மோஐ என்ற கல்முகப் படம் மட்டும் நின்றது. பார்ப்பவர் ஒரே நொடியில் புரிந்துகொள்வார். கேட்பவருக்கு மிஞ்சுவது "இந்த ஞாயிறு", "காலை பத்து மணி", கடைசியில் ஒரு கொண்டாட்டம்.

"ப்ரொஹிபிடட்னு வந்துதே, அதைக் கவனிக்கலையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கவனிச்சேன். உள்ள செருப்பு போடக் கூடாது போலன்னு நெனச்சேன்," என்றாள்.

அப்போது யாரோ ஓர் ஆள் அவர்களிடம் வந்து பேசுவது கேட்டது. காவலாளியாக இருக்க வேண்டும். "இன்னிக்கு உள்ள கிரேன் வேலம்மா, யாரையும் விட மாட்டாங்க. போன்ல போட்டுகீறாங்களே, பாக்கலியா?" தோழி போனை வைத்துவிட்டாள்.

திரும்பும்போது நாலு பேரில் ஒருத்தி பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் தோண்டிப்போட்ட பள்ளத்தில் கால் வைத்துக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். கடைக்காரர் ஒருவர் தோழியின் போனை வாங்கி அண்ணனுக்குத் தகவல் சொன்னார். அண்ணன் வண்டி எடுத்துக்கொண்டு வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "பாத்தாச்சு இல்ல? போதும்," என்றாராம்.

அன்று மதியம் நான் உட்கார்ந்து எங்கள் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். கீழே இறங்க இறங்க ஒவ்வொரு பதிவிலும் போன் ஒரு சொல்லைச் சொன்னது. எடிட்டட். எடிட்டட். எடிட்டட். நான் சரி சொல்லிவிட்டுப் படியிறங்கியதும் அவள் பதிவைத் திறந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டிருக்கிறாள். கோவளத்து மீன் கடை மறுபடி பற்றி எரிந்தது. திருவிடந்தை விடுதியின் வாசலில் ஆறு பனைமரம், ஆறு அலை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு முகம். ஐந்து மாதம். ஐந்து மாதமாக நான் கேட்டதும் ஊர் படித்ததும் வேறு வேறு. முகப்பில் மட்டும் அந்த வரி அப்படியே இருந்தது. பார்வையற்றவர் ஒருவர் கேட்டுச் சரிபார்த்த பக்கம் இது.

அழுதேன். அழுகையைவிட அவமானம் அதிகம். பார்வை போன புதிதில் தட்டில் காலி வாழை இலையை வைத்துச் சாப்பிடு சாப்பிடு என்று சிரித்த பிள்ளைகள் உண்டு. அவர்கள் பிள்ளைகள்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு நேராக அலுவலகம் போனேன். மாடிப்படியில் என் கோலின் சத்தம் கேட்டதுமே உள்ளே பேச்சு நின்றது.

"யாருடைய யோசனை?" என்றேன்.

முதலாளிதான் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொல்ற மாதிரி போட்டா மொட்டையா இருக்குன்னு கஸ்டமருங்க பேஜார் பண்றாங்க. லைக்ஸே வரல. உங்களை மாதிரி கேக்கறவங்க ஆயிரத்துல ஒருத்தர்."

"அந்த ஒருத்தருக்குத்தான் சம்பளம் குடுத்து என்னை வச்சீங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாம். எனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணா?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

என் மனசு! எவ்வளவு அக்கறை. நான் அவள் இருக்கும் பக்கம் திரும்பினேன்.

"நீ சொல்லு. அந்த 'இல்லை'யை எடுக்கும்போது என்ன நெனச்ச?"

"அக்கா, நான்..." என்றாள்.

முகப்பில் இருக்கும் அந்த வரியை என் எதிரிலேயே எடுக்கச் சொன்னேன். முதலாளி இழுத்தார். அது இருப்பது நல்ல பெயர் என்றார், இனிமேல் கவனமாக இருக்கலாம் என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எடுத்த பிறகுதான் எழுந்தேன், அதையும் பக்கத்தைப் புதிதாகத் திறந்து கேட்ட பிறகு. படியிறங்கியதும் மறுபடி ஒருமுறை கேட்டேன். பஸ்ஸில் இன்னொரு முறை. அந்தப் பழக்கத்தை அவள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

நாலு நாள் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது. கைகூப்பும் படமும் உடைந்த இதயமும் வரிசையாக வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தேன்.

"அக்கா, சனிக்கிழமை நீங்கள் சரி சொன்ன பதிவில் 'இல்லை' என்ற சொல்லை எடுத்துவிட்டுப் படம் வைத்தது நான். முதலாளி அழகாக்கச் சொன்னார், எதை எடுப்பது என்று முடிவு செய்தது நான். ஐந்து மாதமாக எல்லாப் பதிவுகளிலும் இப்படித்தான் செய்தேன். உங்கள் தோழியின் அண்ணனிடம் நானே வந்து என் தவறு என்று சொல்கிறேன். எந்த நாள், எத்தனை மணிக்கு வரலாம் என்று சொல்லுங்கள்."

படம் ஒன்றுகூட இல்லை. முதல் வாக்கியத்திலேயே விஷயம். யார், எப்போது, என்ன, எல்லாம் சொல்லாகவே. என் போன் ஓர் இடத்தில்கூடத் தடுக்கி விழவில்லை. திருத்த ஏதாவது கிடைக்குமா என்று மூன்று முறை கேட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாமே தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்தாள் என்று என்னைத் தேற்றிக்கொள்ள வைத்திருந்த கடைசி இடத்தையும் அவளே சுத்தமாக எழுதி அடைத்துவிட்டாள்.

நான் அவளுக்குப் பதில் அனுப்பவில்லை. செய்தியைத் தோழிக்கு அனுப்பினேன். அவள் கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"நல்லாத்தான் எழுதிகீறா," என்றாள். "அண்ணன் இன்னா சொல்லும் தெரியுமா? அந்தப் பொண்ணு தப்பு பண்ணிச்சு சரி, நாளைக்கு இன்னொருத்தன் பண்ணுவான், உனக்கு எப்டித் தெரியும்னு கேக்கும். நான் இன்னாடி பதில் சொல்றது?"

அவள் இன்னும் தெருமுனைக் கடைக்குத் துணையோடுதான் போகிறாள்.